கோடு ஒன்று, விடை இரண்டு

பண்ணைப்புரத்திலிருந்து வரும் என் பழைய மாணவர் ஒருவர், சென்ற பருவத்தில் இரண்டு தாள்களுடன் என்னிடம் வந்தார். அவர் ஓர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சி பெற்றுவருகிறார். கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சையில் பூச்சிமருந்து எஞ்சியிருக்கிறதா என்று பார்ப்பது அங்கே அவருடைய வேலை. ஒரே பழம், ஒரே கருவி, கருவி காட்டிய எண்ணும் ஒன்றே. ஆனால் ஒரு தாளில் விடை 10.3; மற்றொன்றில் 8.9. "சார், இதில் எது சரி?" என்றார்.

2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. தனி வரம்பு நிர்ணயிக்கப்படாத மருந்துகளுக்கு இந்தியாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் உள்ள பொது வரம்பு, ஒரு கிலோ பழத்தில் 0.01 மில்லிகிராம். அதாவது 10 மைக்ரோகிராம். ஆகவே 8.9 என்றால் பழம் தேறும்; 10.3 என்றால் தேறாது. ஒரு தோட்டத்துக் குலைகள் முழுவதும் இந்த வேறுபாட்டில் நிற்கின்றன.

கருவி நேரடியாக மைக்ரோகிராமைச் சொல்வதில்லை. அது வரைந்து காட்டும் கூம்பின் பரப்பைத்தான் எண்ணாகத் தருகிறது. எனவே முதலில் மருந்தில்லாத திராட்சைச் சாற்றில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்து, 5, 10, 50, 100, 500 எனச் சில திட்டக் கரைசல்களைத் தயாரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் கருவி காட்டும் எண்ணை வரைபடத்தில் குறித்து, புள்ளிகளின் ஊடே ஒரு நேர்கோடு வரைகிறார்கள். இதுவே அளவுத்திருத்தக் கோடு. பிறகு தெரியாத பழத்தின் எண்ணைக் கோட்டில் வைத்து, அதற்குரிய செறிவைப் படிக்கிறார்கள்.

கோட்டை எப்படி வரைவது? கல்லூரிச் செய்முறை வகுப்பில் நாம் கற்ற மீச்சிறு வர்க்க முறையை நினைவுகூர்க. ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலக்கங்களை வர்க்கப்படுத்திக் கூட்டினால் வரும் தொகை மிகச் சிறியதாக இருக்குமாறு கோட்டை அமைக்கிறோம். இதில் ஒரு நிபந்தனை மறைந்திருக்கிறது. எல்லாப் புள்ளிகளும் ஒரே அளவு நம்பத்தக்கவை என்று இம்முறை எடுத்துக்கொள்கிறது.

இங்கே அந்த நிபந்தனை பொருந்தாது. கருவிக்குள் செலுத்தும் துளியின் அளவு சிறிது கூடலாம், குறையலாம். சாற்றைப் பிரித்தெடுக்கும்போது கொஞ்சம் வீணாகலாம். இவை எல்லாம் நூற்றுக்கு இவ்வளவு என்ற கணக்கில் நேரும் பிழைகள். 50-இல் மூன்று விழுக்காடு பிழை என்றால் ஒன்றரை. 5000-இல் அதே மூன்று விழுக்காடு நூற்றைம்பது! ஒவ்வொரு கரைசலையும் பலமுறை அளந்து புள்ளிகளைக் குறித்தால், அவை இடப்பக்கம் நெருங்கியும் வலப்பக்கம் விசிறிபோல் விரிந்தும் கிடப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

மாணவர் கொண்டுவந்த எண்களைக் கணக்கிட வசதியாகச் சற்று எளிமையாக்கித் தருகிறேன். கடைசி இரு பத்திகளும், திட்டக் கரைசலின் எண்ணையே கோட்டில் வைத்துத் திரும்பப் படித்தால் வரும் செறிவுகள்.

| செறிவு | கருவியின் எண் | முதல் கோடு | இரண்டாம் கோடு |
|---|---|---|---|
| 5 | 52 | 6.5 | 5.0 |
| 10 | 103 | 11.4 | 10.0 |
| 50 | 490 | 48.1 | 48.1 |
| 100 | 1020 | 98.5 | 100.2 |
| 500 | 5250 | 500.4 | 516.0 |

முதல் கோடு வழக்கமான முறையில் வந்தது: y = −16.7 + 10.52x. மேல்முனையில் அது மிக அழகாகப் பொருந்துகிறது. கீழ்முனையில் 5 என்று நாமே கலந்ததை 6.5 என்கிறது, பிழை 31 விழுக்காடு. இத்தனைக்கும் இந்தக் கோட்டின் r² மதிப்பு 0.9999! அந்த நான்கு ஒன்பதுகளைக் கண்டு மகிழ்ந்துபோகிறவர்கள் ஆய்வுக்கூடங்களில் ஏராளம். மேல்முனைப் புள்ளி பெரும்பாலும் தானே நிர்ணயிக்கும் எண் அது. கீழ்முனையைப் பற்றி அது ஏதும் சொல்வதில்லை.

ஏன் இப்படி ஆயிற்று? 500-இல் கருவியின் எண் உண்மைப் போக்கைவிட ஏறத்தாழ 160 கூடுதலாக வந்துவிட்டது. அங்கே அது இயல்பான சிதறல்தான். ஆனால் 160-இன் வர்க்கம் 25,000-க்கும் மேல். கீழே 5-இல் கோடு 16 விலகினால் அதன் வர்க்கம் வெறும் 256. எனவே மொத்தத்தைக் குறைக்க விரும்பும் கணக்கு, மேல்முனையைத் திருப்திப்படுத்திக் கீழ்முனையைக் கைவிடுகிறது. லாரி எடைமேடையில் ஐந்து கிலோ பிழையைப் பொறுக்கலாம். அதே பிழையைத் திராட்சைக் கூடையை நிறுக்கும் தராசில் பொறுப்போமா? நம் கணக்கு இரண்டையும் ஒன்றாகவே பார்த்துவிட்டது.

பரிகாரம் எளியது. ஒவ்வொரு விலக்கத்தையும் அந்த இடத்தில் எதிர்பார்க்கக்கூடிய சிதறலால் வகுத்துவிட்டுப் பிறகு வர்க்கப்படுத்த வேண்டும். சிதறல் செறிவுக்கு நேர் விகிதத்தில் வளர்கிறது என்றால், செறிவாலேயே வகுக்கலாம். அப்போது மேலே 163-ஐ 500-ஆல் வகுக்க 0.33, கீழே 16-ஐ 5-ஆல் வகுக்க 3.2. எது பெரிய தவறு என்பது இப்போது தலைகீழாகிறது. ஒவ்வொரு வர்க்கமும் w = 1/x² என்ற எடையால் பெருக்கப்படுகிறது என்பதே இதன் பொருள்.

b = (Σw·Σwxy − Σwx·Σwy) / (Σw·Σwx² − (Σwx)²)

a = (Σwy − b·Σwx) / Σw

நம் எண்களில் Σw = 0.050504, Σwx = 0.332, Σwy = 3.429, Σwx² = 5, Σwxy = 51.2. இவற்றை இட்டால் b = 10.17, a = 1.03. காகிதத்தில் பத்து நிமிட வேலை. மாணவர்கள் ஒருமுறை கையால் போட்டுப் பார்க்கலாம்.

இனி அந்தப் பழத்துக்கு வருவோம். கருவி காட்டிய எண் 92. முதல் கோட்டின்படி (92 + 16.7)/10.52 = 10.3. இரண்டாம் கோட்டின்படி (92 − 1.03)/10.17 = 8.9. திட்டக் கரைசல்களையே திரும்பப் படித்த அட்டவணையைப் பார்த்தவர்களுக்கு, 10-இன் அருகில் எந்தக் கோட்டை நம்பலாம் என்பதில் ஐயம் இராது. ஐரோப்பிய எச்ச ஆய்வு வழிகாட்டியும் இதையே கேட்கிறது: திரும்பப் படித்த செறிவு உண்மையிலிருந்து 20 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது. முதல் கோடு 5-இல் இத்தேர்வில் தோற்றுவிட்டது.

விடையின் ஐயப்பாட்டையும் பார்க்க வேண்டும். முதல் முறை, சிதறல் எங்கும் ஒன்றே என்று கொள்வதால், 10.3 ± 6.6 என்று சொல்கிறது (95 விழுக்காடு நம்பகத்தில்). 4-உம் இருக்கலாம், 17-உம் இருக்கலாம் என்பது ஒரு விடையா? எடையிட்ட முறையில் 8.9 ± 0.9 வருகிறது, மேல் எல்லை 9.9. ஒன்றை மறக்கக்கூடாது. தெரியாத மாதிரிக்கும் அதன் செறிவுக்கு ஏற்ற எடையைச் சூத்திரத்தில் இடவேண்டும். கோட்டுக்கு மட்டும் எடை கொடுத்துவிட்டு, மாதிரிக்கு எடை 1 என்று விட்டுவிடுவது அடிக்கடி நேரும் பிழை. அப்போது சிறு செறிவுகளின் ஐயப்பாடு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும்.

எடை எப்போதும் 1/x² தானா? இல்லை. ஒவ்வொரு செறிவையும் ஆறேழு முறை அளந்து, திட்ட விலக்கம் எப்படி வளர்கிறது என்று பார்க்க வேண்டும். அது செறிவுடன் நேர் விகிதத்தில் வளர்ந்தால் 1/x². செறிவின் வர்க்கமூலத்தைப்போல் வளர்ந்தால் 1/x. இரண்டு மூன்று அளவீடுகளிலிருந்து கிடைத்த திட்ட விலக்கத்தை அப்படியே எடையாக்குவது ஆபத்து. தற்செயலாக ஒத்துப்போன இரண்டு எண்கள் கோடு முழுவதையும் தம் பக்கம் இழுத்துவிடும்.

விலக்கங்களைச் செறிவுக்கு எதிரே வரைந்து பார்ப்பதும் நல்லது. அவை விசிறியாக விரிந்தால் எடை கொடுக்கலாம். வில்லாக வளைந்தால், கருவி மேல்முனையில் நிறைவடைந்துவிட்டது என்று பொருள். அங்கே நேர்கோடே தவறு. எந்த எடையும் அதைத் திருத்தாது. கீழேயும் ஓர் எல்லை உண்டு. மருந்தே இல்லாத சாற்றிலும் கருவியின் மின்னிரைச்சல் இருக்கும். அது செறிவுடன் குறைவதில்லை. எனவே பூஜ்யத்துக்கு அருகில் 1/x² அளவுக்கு மீறி நம்பிக்கை வைக்கிறது. x = 0 என்ற புள்ளிக்கோ எடை முடிவிலியாகிவிடும். மாணவரின் முதல் தாளில் அந்தப் பூஜ்யப் புள்ளியும் இருந்தது. அதை எடுத்துவிட்டுத்தான் மேற்கண்ட கணக்கைப் போட்டோம்.