ஆறு வோல்ற்று எங்கே போனது?



2022 மே 21 அன்று தென் ஒன்ராறியோவை ஒரு கடும் புயற்காற்று தாக்கியது. எங்கள் டூரம் பிராந்தியத்தில், அக்ஸ்பிரிட்ஜ் பக்கத்தில், பல வீடுகளுக்கு நாட்கணக்காக மின்சாரம் இருக்கவில்லை. அதன் பிறகு, கரண்ட் போனால் கார் பற்றரியில் ஒரு சின்ன றேடியோவை எப்படி இயக்குவது என்று என்னிடம் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். 1990களில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். ஆகவே இந்தக் கேள்வி வருவதில் புதுமை இல்லை.

அண்மையில் இங்கே ஒஷாவாவில் ஒரு ஐயா கேட்டது இது: "தம்பி, என்னட்டை 12 வோல்ற்று பற்றரி இருக்கு. றேடியோவுக்கு நாலு கட்டை, அப்ப 6 வோல்ற்று. ரெண்டு றெசிஸ்ரர் போட்டுப் பாதியாக்கினன். மீற்றர் வடிவா 6 காட்டுது. றேடியோவைக் கொழுவினால் ஒரு சத்தமும் இல்லை. அந்த 6 எங்கை போகுது?"

நல்ல கேள்வி. இதற்குரிய பதிலை இம்மாதம் ஆறுதலாகப் பார்ப்போம்.

ஐயா செய்ததற்கு வோல்ற்றேஜ் டிவைடர் என்று பெயர். தமிழில் அழுத்தப் பிரிப்பான் எனலாம். 1000 ஓம் தடையிகள் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்து, இரு முனைகளையும் பற்றரியில் இணைத்து, நடுவில் இருந்து ஒரு வயர் எடுத்திருக்கிறார். மொத்தத் தடை 2000 ஓம். 12ஐ 2000ஆல் பிரித்தால் 6 மில்லிஅம்பியர் மின்னோட்டம். ஒரே மின்னோட்டம்தான் இரண்டு தடையிகளுக்கூடாகவும் போகிறது. தடைகளும் சமம். ஆகவே மேல் தடையி 6 வோல்ற்றை எடுக்கிறது, கீழ்த் தடையியில் 6 வோல்ற்று நிற்கிறது. மீற்றர் காட்டியது பொய்யல்ல.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. நடுவில் எடுத்த வயருக்குள் மின்னோட்டம் எதுவும் போகக்கூடாது. போனால் இரண்டு தடையிகளிலும் ஒரே மின்னோட்டம் என்ற பேச்சு அடிபட்டுப் போகும்.

இப்போது றேடியோவைக் கொழுவுவோம். அது அளவான சத்தத்தில் 6 வோல்ற்றில் 60 மில்லிஅம்பியர் எடுக்கும் என்று வைத்துக்கொள்வோம். 6ஐ 0.06ஆல் பிரித்தால் 100 ஓம். அதாவது பிரிப்பானின் கண்ணுக்கு றேடியோ என்பது கீழ்த் தடையிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் இன்னொரு 100 ஓம் தடையி. 1000 ஓமும் 100 ஓமும் சமாந்தரமாக நின்றால் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 91 ஓம்தான். மேலே 1000, கீழே 91. இனி அது பாதியாகப் பிரிக்கும் பிரிப்பான் அல்ல. மேல் தடையிக்கூடாக 11 மில்லிஅம்பியர் போகிறது, அது 11 வோல்ற்றை விழுங்கிவிடுகிறது. றேடியோவுக்கு மிஞ்சுவது 1 வோல்ற்று. றேடியோ ஒரு தடையி போல அச்சொட்டாக நடக்காது என்பது உண்மை. ஆனால் மேல் தடையி 12 வோல்ற்றையும் தானே எடுத்தாலும் 12 மில்லிஅம்பியருக்கு மேல் விடாது. 60 கேட்கும் றேடியோ எப்படிப் பாடும்?

இதைச் சுருக்கமாகக் கணக்கிட ஒரு வழி உண்டு. 1883இல் பிரெஞ்சுத் தந்திப் பொறியியலாளர் லியோன் தெவனின் எழுதியது. பிரிப்பானை, உள்ளே ஒரு தடையி ஒட்டிய பற்றரி என்று நினையுங்கள். பற்றரியின் அளவு, எதையும் கொழுவாதபோது கிடைக்கும் 6 வோல்ற்று. உள்ளே இருக்கும் தடை, இரண்டு தடையிகளையும் சமாந்தரமாக வைத்தால் வருவது, அதாவது 500 ஓம். அந்த 500க்கும் றேடியோவின் 100க்கும் இடையில் 6 வோல்ற்று பங்கிடப்படும். 600இல் 100 பங்கு றேடியோவுக்கு. அதே 1 வோல்ற்று.

"அப்ப சின்னத் தடையி போட்டால்?" என்று கேட்பீர்கள். போடலாம். இரண்டும் 10 ஓம் என்றால் உள்தடை 5 ஓம்தான். றேடியோவுக்கு 5.7 வோல்ற்று கிடைக்கும், அது பாடும். ஆனால் றேடியோவை நிறுத்தி வைத்தாலும் 0.6 அம்பியர் இரவு பகலாகப் பற்றரியில் இருந்து வடிந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு தடையியிலும் 3 வாற்றுக்கு மேல் சூடாக வீணாகும். றேடியோ பயன்படுத்துவதோ வாற்றில் மூன்றில் ஒரு பங்கு. வழக்கமான கால் வாற்றுத் தடையி என்றால் கருகி மணக்கும். பற்றரியைக் காத்துச் செய்தி கேட்க வேண்டிய நேரத்தில் இது உதவாது. அதோடு, காரை ஸ்ராட் செய்தவுடன் பற்றரி 14 வோல்ற்றுக்கு ஏறும், பிரிப்பானும் கூடவே 7க்கு ஏறும். மேலே ஏறினால் ஏறும், கீழே இறங்கினால் இறங்கும். சத்தத்தைக் கூட்டினால் றேடியோ கூட மின்னோட்டம் கேட்கும், வோல்ற்று இன்னும் விழும், குரல் கரகரக்கும்.

ஐயாவுக்கு நான் சொன்ன வழி 7806 என்னும் மூன்று கால் ஐசி. அது வெளியே போவதைத் தானே பார்த்துப் பார்த்துச் சரிசெய்து 6 வோல்ற்றில் பிடித்து வைத்திருக்கும். உள்ளே வருவது 8 வோல்ற்றுக்குக் குறையாமல் இருந்தால் போதும். றேடியோ 60 மில்லிஅம்பியர் எடுக்கும்போது அதில் வீணாவது 0.36 வாற்று மட்டுமே. பற்றரிக்குக் கிட்ட ஒரு 1 அம்பியர் பியூஸ் கட்டாயம் போடுங்கள். கார் பற்றரியில் வயர் முட்டிக்கொண்டால் நெருப்புப் பிடிக்கும்.

அப்படியென்றால் பிரிப்பான் எதற்கு? மின்னோட்டம் கேட்காத இடத்துக்கு. கார் எஞ்சினின் வெப்பத்தை அளக்கும் சென்சர் ஒரு பிரிப்பானின் கீழ்த் தடையிதான். எஞ்சின் சூடாகச் சூடாக அதன் தடை குறையும், நடு வோல்ற்று இறங்கும். காரின் கணினி அந்த வோல்ற்றை வாசிக்கும்போது எடுக்கும் மின்னோட்டம் மிக மிக அற்பம். அதனால் பங்கு குழம்புவதில்லை.

ஆனால் அளக்கிற மீற்றரும் ஒரு சுமைதான் என்பதை மறக்க வேண்டாம். 12 வோல்ற்றில் 100,000 ஓம் தடையிகள் இரண்டைப் போட்டு, ஊசி ஆடும் பழைய மீற்றரால் அளந்தால் 6க்குப் பதில் 4.8 காட்டலாம். வோல்ற்றுக்கு 20,000 ஓம் என்ற வகை மீற்றர், 10 வோல்ற்று அளவில் 200,000 ஓமாக நடந்துகொள்ளும். அதைக் கீழ்த் தடையிக்குப் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பாருங்கள். 10,000,000 ஓம் உள்ள டிஜிற்றல் மீற்றர் 5.97 காட்டும். தடையி பழுது என்று தூக்கி எறிய முதல், எந்த மீற்றரால் அளந்தோம் என்று பார்க்க வேண்டும்.

கைக்கணக்கு ஒன்று சொல்கிறேன். பிரிப்பானில் சும்மா ஓடும் மின்னோட்டம், நீங்கள் கொழுவும் பொருள் எடுப்பதைப் போல் பத்து மடங்காவது இருந்தால், இரண்டு தடையிகளும் சமமான இடத்தில் வோல்ற்று நூற்றுக்கு ஐந்தளவில்தான் விழும். ஐயாவின் பிரிப்பானில் ஓடியது 6, றேடியோ கேட்டது 60. கணக்கு அப்படியே தலைகீழ். எதைச் செய்தாலும் பொருளைக் கொழுவி, அது இயங்கும்போது மீற்றரை வைத்து அளவுங்கள். கொழுவாமல் எடுத்த அளவை நம்பிக் காசு செலவழிக்க வேண்டாம்.