மாத்திரை அட்டையின் ஓரத்தில் உள்ள ஒரு வரி

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் வசிக்கும் ஓர் அம்மையார், சில மாதங்களுக்கு முன்பு இரண்டு மாத்திரை அட்டைகளுடன் எங்கள் மருந்தகத்துக்கு வந்தார். இரண்டும் அவருடைய மாமனார் உட்கொள்ளும் இரத்த அழுத்த மாத்திரைகள். ஒரே நிறுவனம், ஒரே பெயர். ஒன்றை எங்கள் மருந்தகத்திலும் மற்றொன்றை வீட்டருகே உள்ள கடையிலும் வாங்கியிருந்தார். கடையில் வாங்கிய அட்டையின் நீலம் சற்று வெளிறியிருந்தது. அதன் ஓரத்தில் உள்ள பேட்ச் எண்ணும் காலாவதி மாதமும் கலைந்து, 3 என்பது 8 போலத் தெரிந்தது. போலி மருந்தாக இருக்குமோ என்று அஞ்சிய அவர், மாத்திரை கொடுப்பதையே நிறுத்திவிட்டார். நான்கு நாள்கள் கழித்து முதியவருக்குத் தலைச்சுற்றல் வந்தபோதுதான் இருவரும் மருத்துவமனைக்கு வந்தனர். அன்று அவருடைய இரத்த அழுத்தம் 180/100.

அந்த அட்டையை நாங்கள் எவ்வாறு பார்த்தோம் என்பதைச் சொல்வதற்கு முன், மாத்திரை அட்டை எப்படி அச்சாகிறது என்பதை விளக்க வேண்டும். அது தெரிந்தால் எதைக் கண்டு ஐயுற வேண்டும், எதைக் கண்டு ஐயுற வேண்டியதில்லை என்பது எளிதில் விளங்கும்.

ஓர் அட்டையில் இரண்டு அச்சுகள் இருக்கின்றன. மருந்தின் பெயர், அதன் மூலப்பொருள், அளவு, தயாரிப்பாளரின் முகவரி, உரிம எண், மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளுக்குரிய சிவப்புக் கோடு ஆகியவை முதல் அச்சு. இது அச்சகத்தில் பெரிய உருளைகளாக முன்கூட்டியே அச்சாகி மருந்துத் தொழிற்சாலைக்கு வருகிறது. பேட்ச் எண், தயாரித்த மாதம், காலாவதி மாதம் ஆகியவை இரண்டாம் அச்சு. மாத்திரைகளை அட்டையில் அடைக்கும் அன்று, அந்த இயந்திரத்திலேயே இது பதிகிறது. பெரும்பாலும் விலையும் இதனுடன் சேர்ந்தே பதியும். சில அட்டைகளில் கறுப்பு மையால் அச்சிடுவார்கள். வேறு சிலவற்றில் மையே இல்லாமல் எழுத்துகளை அழுத்திப் பதிப்பார்கள்.

ஆகவே பேட்ச் வரி சற்றுச் சாய்ந்திருப்பதோ, மற்ற எழுத்துகளின் கறுப்பிலிருந்து மாறுபட்டிருப்பதோ இயல்பே. விரைந்து ஓடும் இயந்திரத்தில் அவ்வாறு நேரும். முதல் அச்சில் நேரும் பிழை அப்படிப்பட்டதன்று. அந்த எழுத்துகளைப் பல கண்கள் சரிபார்த்த பிறகே அச்சகம் உருளையை ஓட்டுகிறது. மருந்தின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும், முகவரியில் ஊர்ப் பெயர் பிழையாக இருந்தாலும், எழுத்துகளின் விளிம்பு இரட்டையாகத் தெரிந்தாலும், ஒரு நிறம் கோட்டைத் தாண்டி வழிந்திருந்தாலும் அது வேறொரு அட்டையைப் பார்த்து நகலெடுத்ததாக இருக்கலாம். கைப்பேசிக் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் இது புலப்படும். நிறம் சற்று வெளிறியிருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. ஒரு முறை அச்சான உருளைக்கும் அடுத்த முறை அச்சானதற்கும் அவ்வளவு வேறுபாடு வருவதுண்டு. நிறுவனங்கள் வடிவமைப்பையே மாற்றுவதும் உண்டு.

பேட்ச் வரியில் நாம் தேட வேண்டியது வேறு. அழித்து எழுதிய அடையாளமே அங்கு முக்கியம். 2010 மார்ச்சில் சென்னையில் வெளிப்பட்ட காலாவதி மருந்து வழக்கைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அழிக்கப்பட வேண்டிய, நாள் கடந்த மருந்துகள் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு வரை போய், அங்கிருந்து மீண்டும் எடுக்கப்பட்டு, புதிய தேதியுடன் கடைகளுக்கு வந்த செய்தி தமிழகத்தையே அதிர வைத்தது. அம்மருந்துகளின் பெயரும் முகவரியும் முதல் அச்சும் உண்மையானவை. பொய் அந்த ஒரு வரியில் மட்டுமே இருந்தது.

பழைய மையைக் கரைப்பான் கொண்டு துடைத்தால், அந்த இடத்தில் அலுமினியத் தாளின் மேற்பூச்சும் சேர்ந்து போகும். அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மற்ற இடங்கள் பளபளக்க, அந்தப் பட்டை மட்டும் மங்கித் தெரியும். புதிய எண்ணுக்கு அடியில் பழைய எண்ணின் நிழல் தெரிவதும், ஒரே வரியில் எண்கள் சிறிதும் பெரிதுமாக இருப்பதும், பெட்டியில் ஒரு பேட்ச் எண்ணும் உள்ளே உள்ள அட்டையில் வேறொன்றும் இருப்பதும் இவ்வகை அடையாளங்களே. விலையின்மீது திருத்தச் சீட்டு ஒட்டியிருந்தால் அதற்காகவே அஞ்ச வேண்டாம். 2025 செப்டம்பரில் வரி குறைந்தபோது அவ்வாறு ஒட்டியவர்கள் இருக்கலாம். காலாவதி மாதத்தின்மீது சீட்டு ஒட்டியிருந்தால் அந்த மருந்தை வாங்க வேண்டாம்.

உத்தர வீதி அம்மையாரின் அட்டைக்கு வருவோம். மங்கிய பட்டை இல்லை. எண்ணுக்கு அடியில் நிழல் இல்லை. எண்களின் அளவும் ஒன்றே. மை மட்டும் ஒரே திசையில் இழுபட்டிருந்தது. கடைக்காரரை அழைத்தோம். அவர் தமது கொள்முதல் பில்லில் இருந்த பேட்ச் எண்ணைப் படித்துக் காட்டினார். கலைந்த எண்ணை 3 என்று கொண்டால் அது பொருந்தியது. பெட்டியில் அச்சிட்டிருந்த நிறுவனத் தொலைபேசி எண்ணில் கேட்டபோது, அந்த பேட்ச், அந்த மாதம், அந்தக் காலாவதி எல்லாம் சரியே என்றனர். எங்களுக்கு ஐயம் நீங்கியது. கையைக் கிருமிநாசினியால் துடைத்த ஈரத்தோடு யாரோ அட்டையைப் பிடித்திருக்கக் கூடும். அதிலுள்ள ஆல்கஹால் இவ்வகை மையைக் கரைக்கும்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. பேட்ச் எண் பொருந்துவது ஒரு சான்று. முழுச் சான்று அன்று. போலி செய்வோர் உண்மையான எண்ணையே நகலெடுப்பதுண்டு. 2023 ஆகஸ்ட் முதல் இந்தியாவில் அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களுக்கு க்யூஆர் குறியீடு கட்டாயமாகியுள்ளது. அதைக் கைப்பேசியில் படித்தால் பேட்ச் எண், தயாரித்த நாள், காலாவதி நாள், உரிம எண் ஆகியவை வரும். அவை அட்டையில் அச்சிட்டுள்ளவற்றோடு பொருந்தாவிடில் சிக்கல் உறுதி. பொருந்தினாலோ, குறியீட்டையும் நகலெடுக்க முடியும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். கடைக்காரரின் கொள்முதல் பில்லையும் கேட்டது இதனால்தான்: மருந்து எந்த வழியாக வந்தது என்பதை அதுவே காட்டும்.

அட்டையைப் போலவே மூடியும் பேசும். டானிக் பாட்டிலின் அலுமினிய மூடியை முதன்முறை திருகும்போது, அடியிலுள்ள வளையம் சிறு ஓசையுடன் பிரிந்து கழுத்திலேயே தங்கிவிட வேண்டும். வளையமும் மூடியோடு சேர்ந்து சுழன்றால், அல்லது வளையம் முன்பே பிரிந்திருந்தால், அதைத் திருப்பிக் கொடுங்கள். ஊசி மருந்துக் குப்பியின் உலோக வளையம் விரலால் திருப்பினால் சுழலக் கூடாது. அதன்மேல் உள்ள வண்ணப் பிளாஸ்டிக் மூடியை ஒரு முறை எடுத்துவிட்டால் மீண்டும் பொருத்த முடியாது; அது இல்லாமலோ பசையால் ஒட்டியது போலவோ இருந்தால் அக்குப்பி ஏற்கெனவே திறக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

2024 மார்ச்சில் டெல்லிக் காவல்துறை பிடித்த கும்பல், விலை மிகுந்த புற்றுநோய் ஊசி மருந்துகளின் காலிக் குப்பிகளைச் சேகரித்து, பூஞ்சைத் தொற்றுக்கான மலிவான மருந்தை அவற்றில் நிரப்பி விற்றது. குப்பியும் சீட்டும் உண்மையானவையாக இருந்ததால் அச்சைப் பார்ப்பது மட்டும் அங்கே உதவியிருக்காது. இத்தகைய மருந்துகளை வெளியிலிருந்து வாங்கி வரும் குடும்பத்தினர், மூடி திறக்கப்படுவதற்கு முன் குப்பியைத் தாமே பார்த்துவிட வேண்டும். ஊசி போட்ட பின் காலிக் குப்பியை என்ன செய்கிறீர்கள் என்று செவிலியரிடம் கேட்கவும் தயங்க வேண்டாம். அதனால் எவரும் வருந்தப் போவதில்லை.

கண்ணால் காண இயலாத குறையும் உண்டு. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் குழந்தைகளின் உயிரைப் பறித்த கோல்ட்ரிஃப் இருமல் மருந்து, நமது காஞ்சிபுரம் மாவட்டத்தில், உரிமம் பெற்ற தொழிற்சாலையில் தயாரானது. எஸ்.ஆர்.-13 என்ற பேட்சில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுப்பொருள் 48.6 விழுக்காடு இருந்ததைத் தமிழக அரசின் ஆய்வுக்கூடம் கண்டறிந்தது. அது போலி மருந்தன்று, தரமற்ற மருந்து. போலிச் சீட்டைத் தேடும் கண்ணுக்கு அந்த பாட்டிலில் எதுவும் அகப்பட்டிராது. ஆனால் எச்சரிக்கை வெளியானதும், தம் வீட்டு அலமாரியில் உள்ள பாட்டில் அதுதானா என்று அறிய ஒரு தாய்க்கு உதவக் கூடியது பேட்ச் எண் ஒன்றே. மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டிவைக்கும் வழக்கம் நம் வீடுகளில் பரவலாக உள்ளது. எண்ணும் அதனோடு குப்பைக்குப் போய்விடுகிறது.

ஐயம் எழுந்தால் செய்ய வேண்டியது இதுதான். அந்த அட்டையிலிருந்து எடுப்பதை நிறுத்துங்கள். சிகிச்சையை நிறுத்த வேண்டாம். அன்றே வேறு அட்டை வாங்கிக்கொள்ளுங்கள், அல்லது எங்களிடம் வாருங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு, இதய நோய் ஆகியவற்றுக்கான மாத்திரைகளில் சில நாள் இடைவெளியும் தீங்கு செய்யும். சந்தேக அட்டையைத் தூக்கி எறியாமல், மீதமுள்ள மாத்திரைகள், பெட்டி, பில் ஆகியவற்றுடன் ஓர் உறையில் வையுங்கள். முறையான பில்லில் பேட்ச் எண் இருக்கும்; பில் கேட்டு வாங்காதவர்களுக்குப் பின்னால் எந்த வழியும் எளிதன்று. திருச்சியில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டு உதவி இயக்குநர் அலுவலகத்தில் புகார் அளிக்கலாம். 1940ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26ஆம் பிரிவின்படி, தாம் வாங்கிய மருந்தை உரிய கட்டணம் செலுத்தி அரசுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கும் உரிமை எந்தக் குடிமகனுக்கும் உண்டு. இதை அறிந்தவர்கள் மிகச் சிலரே.

முதியவரின் இரத்த அழுத்தம் மாத்திரையை மீண்டும் தொடங்கிய பின் படிப்படியாகக் குறைந்தது. அந்த அம்மையார் இப்போது ஐந்து மாத்திரை மட்டும் வாங்கினாலும், எண் அச்சிட்ட முனை தம் பக்கம் வருமாறு வெட்டித் தரச் சொல்கிறார். அப்படியானால் மிச்சம் உள்ள துண்டை நான் எப்படி விற்பது என்று கடைக்காரர் கேட்டாராம். அதுவும் நியாயமான கேள்வியே. பேட்ச் எண் இல்லாத துண்டை அடுத்தவருக்கும் விற்கக் கூடாது. இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தனர். அவர் இப்போது முழு அட்டையாகவே வாங்கிச் செல்கிறார்.