பத்திரத்தில் எழுதாத தடம்

உள்ளே தள்ளிக் கிடக்கும் நிலத்தை விற்கும்போது தரகர்கள் தவறாமல் சொல்வது இது: "தடத்தப் பத்திக் கவலையே படாதீங்க. சுத்தியும் நிலம் இருந்தா யாராவது ஒருத்தர் வழி விட்டுத்தான் ஆகணும், சட்டம் இருக்குது." சட்டம் இருப்பது உண்மைதான். 1882ஆம் ஆண்டின் இந்திய ஈஸ்மெண்ட் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் ‘யாராவது ஒருத்தர்’ என்று அதில் எங்கும் இல்லை. வழி விட வேண்டியவர் யார் என்பதை அந்த நிலத்தின் பழைய கதைதான் தீர்மானிக்கிறது.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். அப்பாவுக்கு ஆறு ஏக்கர். கிழக்கே தார் ரோடு. 1994இல் பாகப்பிரிவினை செய்து, ரோட்டை ஒட்டிய மூன்று ஏக்கர் அண்ணனுக்கும் மேற்கே உள்ள மூன்று ஏக்கர் தம்பிக்கும் போனது. பத்திரத்தில் கிணற்றுக்கும் மோட்டாருக்கும் தென்னை மரங்களுக்கும் பங்கு எழுதினார்கள். வழியைப் பற்றி ஒரு வரி கிடையாது. அண்ணன் தம்பிக்குள் அது எதற்கு என்று விட்டிருப்பார்கள். தம்பியின் வண்டி அண்ணன் நிலத்தின் வடக்கு வரப்போரமாகப் போய் வந்துகொண்டிருந்தது. அண்ணன் காலமான பிறகு அவர் மகன் முன்பக்க நிலத்தை வெளியூர்க்காரருக்கு விற்றார். வந்தவர் கல்லுக்கால் நட்டு, கம்பி வேலி போட்டு, கேட்டைப் பூட்டிவிட்டார். "என் பத்திரத்துல தடமே இல்லீங்க" என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

இருந்தாலும் இங்கே தம்பிக்குத்தான் உரிமை. ஒருவர் கையில் இருந்த நிலம் பாகமாகவோ கிரயமாகவோ உயிலாலோ துண்டாகி, ஒரு துண்டுக்குப் போக மற்றத் துண்டைத் தவிர வேறு வழியே இல்லை என்றால், அந்த வழியும் சேர்ந்தே கைமாறியதாகச் சட்டத்தின் 13ஆம் பிரிவு கொள்கிறது. பத்திரம் பேசாமல் இருந்தாலும் பரவாயில்லை. முன்பக்க நிலத்தை அடுத்தடுத்து வாங்குகிறவர்களும் அதற்குக் கட்டுப்பட்டவர்கள். பாதையை எந்தப் பக்கமாக ஒதுக்குவது என்று சொல்லும் முதல் உரிமை முன்நிலத்துக்காரருக்கு. அவர் காட்டும் வழி பின்னால் இருப்பவருக்கு ஓரளவு தோதாக இருக்க வேண்டும். காட்டவே மறுத்தால் பின்நிலத்துக்காரரே குறித்துக்கொள்ளலாம்.

இப்போது கதையைக் கொஞ்சம் மாற்றுவோம். தம்பி நிலத்துக்கு மேற்கே வேறொருவர் தோட்டம் இருக்கிறது, அதைத் தாண்டினால் பஞ்சாயத்து ரோடு. கிழக்கே சண்டை போடுவதைவிட மேற்கே போவது சுலபம் என்று தம்பிக்குத் தோன்றலாம். அந்தத் தோட்டத்துக்காரரிடம் ‘வேறு வழியில்லை’ என்ற காரணத்தைக் காட்டி ஓர் அடி அகலம்கூடக் கேட்க முடியாது. அந்தத் தோட்டமும் தம்பி நிலமும் ஒரு காலத்திலும் ஒரே கையில் இருந்ததில்லை. தரகர்கள் விழுங்கிவிடும் விஷயம் இதுதான். ஆகவே உள்நிலம் வாங்குகிறவர் மூலப்பத்திரங்களைப் பின்னோக்கிப் படித்து, அது எந்த நிலத்திலிருந்து, எப்போது பிரிந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். முப்பது வருட வில்லங்கச் சான்று சில சமயம் அதற்குப் போதாது.

இந்த உரிமைக்கு ஆயுளும் குறைவு. சுற்றிக்கொண்டு போகிற, மேடு பள்ளமான வழி ஒன்று இருந்தாலே, ‘வேறு வழியில்லை’ என்ற வாதம் விழுந்துவிடும். தம்பி நாளைக்கே தெற்கில் ரோட்டைத் தொடும் இருபது சென்ட் வாங்கினால், அவசியம் தீர்ந்தது என்று 41ஆம் பிரிவு பழைய தடத்தை முடித்துவைக்கும். அதுவே 1994 பத்திரத்தில் ‘வடபுறம் பத்தடி அகல வண்டித்தட பாத்தியம்’ என்று எழுதியிருந்தால், எத்தனை ரோடு வந்தாலும் அந்தத் தடம் போகாது. தமிழ்நாட்டிலிருந்து போன ஹீரோ வினோத் எதிர் சேஷம்மாள் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் இந்த வித்தியாசத்தைத்தான் தெளிவாக்கியது. பத்திரத்தின் மூலம் கொடுத்த வழி, அவசியம் தீர்ந்ததால் தீராது.

பத்திரமும் இல்லை, நிலங்கள் ஒருகாலத்தில் ஒன்றாகவும் இருந்ததில்லை என்றால் மிஞ்சுவது அனுபவ பாத்தியம். அதற்குத் தனியார் நிலத்தில் இருபது வருடமும் அரசு நிலத்தில் முப்பது வருடமும் வெளிப்படையாக, தகராறின்றி, இடைவிடாமல், உரிமையோடு நடந்திருக்க வேண்டும். ‘உரிமையோடு’ என்ற இடத்தில்தான் பல வழக்குகள் தடுக்கி விழுகின்றன. "அண்ணே, இன்னைக்குக் கரும்பு லோடு போகுது, உங்க வழியா விட்டுக்கட்டுமா?" என்று கேட்டுக் கேட்டுப் போனவருக்கு நாற்பது வருடமானாலும் பாத்தியம் வராது. கேட்டுப் போனது அனுமதி. நம் ஊர்களில் நல்ல பழக்கமுள்ளவர்கள் கேட்டுத்தான் போவார்கள், சட்டமோ கேட்காமல் போனவருக்குத்தான் கைகொடுக்கிறது. என்ன செய்ய?

கேட் பூட்டிய பிறகு நாள் கடத்துவதும் ஆபத்து. தடையைத் தெரிந்துகொண்டு ஒரு வருடம் சும்மா இருந்தால் அனுபவம் அறுந்ததாகக் கணக்கு. இருபது வருட அனுபவம், வழக்குப் போடும் தேதிக்கு முந்தைய இரண்டு வருடத்துக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும் என்பதும் விதி. பிராதில் ‘நெடுங்காலமாக மாமூலாக’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் போதாது. எந்த நிலம் வழியாக, எந்த வருடத்திலிருந்து, எத்தனை அடி அகலத்தில் என்று சொல்ல வேண்டும். ‘பல வருடங்களாக’ என்று மட்டும் எழுதியது இருபது வருடத்தைக் காட்டாது என்று 2024இல்கூட உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆத்திரத்தில் பூட்டை உடைக்கக் கூடாது. தடத்தில் மரம் சாய்ந்து விழுந்தால் பின்நிலத்துக்காரரே போய் அகற்றலாம், குழி விழுந்தால் சொந்தச் செலவில் மண் கொட்டலாம். ஆனால் வேண்டுமென்றே போட்ட தடையைத் தானே பிடுங்க 36ஆம் பிரிவு அனுமதிக்கவில்லை. போக வேண்டிய இடம் உரிமையியல் நீதிமன்றம். பாத்தியம் உண்டு என்ற விளம்புகையும் தடுக்கக் கூடாது என்ற உறுத்துக்கட்டளையும் கேட்க வேண்டும், வழக்கறிஞர் ஆணையரை அனுப்பித் தடத்தை அளக்கவும் மனுப் போடலாம். தாலுகா ஆபீஸுக்கு நடப்பதில் பெரிதாகப் பயனில்லை. தனியார் நிலத்தில் வழிப்பாத்தியம் யாருக்கு என்று தாசில்தார் தீர்ப்பளிக்க முடியாது. ஒரு விதிவிலக்கு: அந்தத் தடம் வருவாய்க் கணக்கில் வண்டிப்பாதை புறம்போக்காக இருந்தால் அது அரசு நிலம், ஆக்கிரமிப்பை எடுக்கும் பொறுப்பு வருவாய்த் துறைக்கு. அதனால் வக்கீலைப் பார்க்கும் முன்பே புலப்பட நகலையும் ‘அ’ பதிவேட்டையும் வாங்கிப் பார்த்துவிடுவது நல்லது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது. கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் ‘மாமூல் வழிநடை, வண்டித்தட பாத்தியங்கள் உட்பட’ என்று பத்திர எழுத்தர் வழக்கப்படி சேர்த்துவிடுவார். படிக்கத் தெம்பாக இருக்கும். ஆனால் விற்பவருக்கு இல்லாத பாத்தியத்தை அவர் எழுதிக் கொடுத்துவிட முடியாது. பக்கத்து நிலத்துக்காரர் கையெழுத்தில்லாத அந்த வரி அவரைக் கட்டுப்படுத்தாது. அவரையே எழுதிக் கொடுக்கச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும்: சர்வே எண், எந்த வரப்போரம், எத்தனை அடி அகலம், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது. எதற்கெல்லாம் என்பதும் விவரமாக இருக்கட்டும். ஒருவகை வழிக்கான உரிமையில் இன்னொரு வகை அடங்காது என்பது சட்டம், நடைபாதையில் வண்டி விட முடியாது. ஒரு நிலத்துக்கு என்று கிடைத்த தடத்தை அதற்கு அப்பால் வாங்கிய வேறு தோட்டத்துக்குப் பயன்படுத்தவும் முடியாது. டிராக்டர், லாரி, குழாய் பதிப்பது, மின்கம்பி இழுப்பது எல்லாவற்றையும் தனித்தனியாகச் சொல்லி எழுதி வாங்க வேண்டும்.