இரண்டு வாரம் தூங்கிய பிழை

2025 ஜூன் 12, வியாழக்கிழமை. இந்திய நேரம் இரவு பதினொன்றேகால் இருக்கும். கூகுள் கிளவுடின் சேவைகள் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் விழ ஆரம்பித்தன. ஸ்பாட்டிஃபை பலருக்குப் பாடவில்லை. டிஸ்கார்ட் திணறியது. கூகுளை நம்பியிருந்த கிளவுட்ஃபிளேரின் சில சேவைகளும் கூடவே படுத்துவிட்டன.

இதற்குக் காரணமான கோடு அன்றைக்குப் போட்டது இல்லை. மே 29-ஆம் தேதியே புரொடக்‌ஷனுக்கு, அதாவது நிஜப் பயனாளர்கள் இருக்கும் சர்வர்களுக்கு, போய்விட்டது. அதையும் ஒரே அடியாகப் போடவில்லை. ஒரு பிராந்தியத்தில் போட்டு, கொஞ்சம் பொறுத்திருந்து பார்த்து, அப்புறம் அடுத்த பிராந்தியம் என்று முறைப்படிதான் போட்டார்கள். எங்கேயும் ஓர் அலர்ட்கூட அடிக்கவில்லை. அந்தக் கோடு இரண்டு வாரம் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

முதலில் கொஞ்சம் முன்கதை. சாஃப்ட்வேரை டெஸ்ட் சூழலில் எவ்வளவு சோதித்தாலும், நிஜப் பயனாளர்கள் அனுப்பும் விசித்திரமான தரவும் நெரிசலும் அங்கே கிடைப்பதில்லை. அதனால் பெரிய நிறுவனங்கள் புரொடக்‌ஷனிலேயே சோதிக்கின்றன. சொல்லக் கேட்டால் பகீரென்று இருக்கும். செய்யும் விதத்தில் கட்டுப்பாடு உண்டு. புதிய பதிப்பை முதலில் ஒரு சிறு பங்கு சர்வர்களில் மட்டும் ஏற்றிப் பார்ப்பது கேனரி ரிலீஸ். புதிய வசதியைக் கோடுக்குள் ஒரு சுவிட்சுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, வேண்டியவர்களுக்கு மட்டும் திறந்துவிடுவது ஃபீச்சர் ஃபிளாக். ஃபிளாக் என்பது பார்க்க இவ்வளவுதான்:

```
if flag_on("new_quota_check", project_id):
    result = new_check(request)
else:
    result = old_check(request)
```

`flag_on` எங்கோ ஒரு அட்டவணையைப் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லும். அட்டவணையில் ஒரு வரியை மாற்றினால் போதும், புதிய வழி திறக்கும் அல்லது மூடும். மறுபடி கோடை ஏற்ற வேண்டியதில்லை. இதெல்லாம் நடக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பிழை விகிதம், தாமதம், நினைவகப் பயன்பாடு என்று கிராஃப்களைப் பார்ப்பது மானிட்டரிங். மூன்றும் சேர்ந்தால்தான் இந்த முறைக்கே அர்த்தம்.

கூகுளில் இடறியது சர்வீஸ் கன்ட்ரோல் என்ற பகுதி. கூகுள் கிளவுடுக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அனுமதி இருக்கிறதா, ஒதுக்கீட்டு வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்கிற வாசல் அது. மே 29-இல் அதில் ஒதுக்கீடு தொடர்பான கூடுதல் சோதனை ஒன்றைச் சேர்த்தார்கள். அந்தச் சோதனை ஓட வேண்டுமானால் ஒரு புதிய வகைக் கொள்கைப் பதிவு தரவுத்தளத்தில் இருக்க வேண்டும். பிராந்தியம் பிராந்தியமாகக் கோடு போன நாட்களில் அப்படி ஒரு பதிவு எங்கும் இல்லை. புதிய வரிகள் ஏறினவே தவிர ஒருமுறைகூட ஓடவில்லை. கிராஃப்கள் சொன்னது உண்மைதான்: ஓடாத கோடில் பிழை வராது.

ஜூன் 12 அன்று அந்தப் பதிவு வந்தது. அதில் சில புலங்கள் காலியாக இருந்தன. காலிப் புலத்தைக் கண்டால் என்ன செய்வது என்று புதிய கோடில் எழுதியிருக்கவில்லை. இல்லாத இடத்தைச் சுட்டும் நல் பாயின்டர் பிழையில் புரோகிராம் விழுந்தது, மறுபடி எழுந்தது, அதே பதிவைப் படித்தது, மறுபடி விழுந்தது. கோடு பிராந்தியம் பிராந்தியமாகத்தான் உலகெங்கும் போனது. கொள்கைத் தரவோ சில விநாடிகளில் எல்லாப் பிராந்தியங்களுக்கும் பரவும்படி அமைக்கப்பட்டிருந்தது. ஒதுக்கீடு என்பது உலகம் முழுக்க ஒன்றாக இருக்க வேண்டிய விஷயம் என்பதால் அந்த ஏற்பாடு. ஆக, நிதானமாக நடந்த கோடுக்குக் காவல் இருந்தது. பாய்ந்து வந்த தரவுக்கு இல்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். புரொடக்‌ஷன் சோதனை பற்றிப் பேசும்போது எல்லோரும் கோடு எப்படி வெளியே போகிறது என்பதையே பேசுகிறார்கள். ஆனால் நடத்தையை மாற்றுவது கோடு மட்டும் இல்லை. கான்ஃபிக், கொள்கைப் பதிவு, ஏன், ஃபிளாக்கின் மதிப்பே ஒரு வெளியீடுதான். அதற்கும் கேனரி வேண்டும். புதிய கோடு ஒரு ஃபிளாக்குக்குப் பின்னால் இருந்திருந்தால் இந்தப் பிழை ஸ்டேஜிங்கிலேயே பிடிபட்டிருக்கும் என்று கூகுளே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது.

அவசரத்துக்கு நிறுத்தும் சிவப்புப் பொத்தான் ஒன்றை அந்தக் கோடோடு சேர்த்தே வைத்திருந்தார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். பத்து நிமிடத்தில் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். நாற்பது நிமிடத்தில் பொத்தான் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. அதோடு முடியவில்லை. அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள `us-central1` போன்ற பெரிய பிராந்தியத்தில், எழுந்த சர்வர்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஒரே தரவுத்தளத்தை மொய்த்து அதை நசுக்கின. ஒவ்வொன்றும் ஆளுக்கொரு இடைவெளி விட்டு முயலும்படி எழுதப்பட்டிருக்கவில்லை. அங்கே நிலைமை சீராக 2 மணி 40 நிமிடம் வரை ஆனது. வாடிக்கையாளர்களுக்கு நிலவரம் சொல்ல வேண்டிய பக்கமும் அதே கிளவுடை நம்பியிருந்ததால், முதல் அறிவிப்பு வெளிவரவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாமதம். கண்காணிக்கும் கருவி கண்காணிக்கப்படுவதன் மேலேயே உட்கார்ந்திருந்தால் இப்படித்தான் ஆகும்.

அப்படியானால் ஃபிளாக் இருந்தால் போதுமா? இதற்கு, கூகுள் விபத்துக்குப் பதிமூன்று ஆண்டு முந்தைய ஒரு பதில் இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1, நைட் கேப்பிட்டல் என்ற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம். நியூயார்க் பங்குச்சந்தையில் அன்று தொடங்கிய ஒரு புதிய திட்டத்துக்காக, ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்பும் தன் சர்வர்கள் எட்டிலும் புதிய கோடை ஏற்ற வேண்டியிருந்தது. ஏழில் ஏறியது, ஒன்று விடுபட்டுப்போனது. இரண்டாவது ஆள் சரிபார்க்கும் வழக்கம் அங்கே இல்லை. போதாக்குறைக்கு, புதிய வசதிக்கென்று அவர்கள் எடுத்துக்கொண்ட ஃபிளாக் பழையது. முன்பு அது பவர் பெக் என்ற வசதியை இயக்கிக்கொண்டிருந்தது. அதை 2003-லேயே நிறுத்திவிட்டார்கள், ஆனால் கோடை அழிக்கவில்லை. 2005-இல், எவ்வளவு வாங்கியாயிற்று என்று எண்ணும் பகுதியை வேறிடத்துக்கு நகர்த்தினார்கள். அதன்பின் பவர் பெக்குக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாது.

காலை ஒன்பதரைக்குச் சந்தை திறந்தது. ஃபிளாக் ஏற்றிய ஆர்டர்கள் எட்டு சர்வர்களுக்கும் போயின. ஏழு சர்வர்கள் அதைப் புதிய வசதி என்று புரிந்துகொண்டன. எட்டாவது, பவர் பெக்கை எழுப்பியது. அது ஒரே ஆர்டருக்காகத் திரும்பத் திரும்பச் சந்தைக்குப் போய்க்கொண்டே இருந்தது. 45 நிமிடத்தில் 212 ஆர்டர்களுக்காக 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள், நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல்.

இதை அரைகுறை டெப்ளாய் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. எந்தக் கேனரி ரிலீஸிலும் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் சில மணி நேரமாவது பக்கத்தில் பக்கத்தில் ஓடியே தீரும். எட்டில் ஒன்று பழசாக இருப்பது அங்கே சகஜமான நிலை. ஒரே ஃபிளாக், ஒரே செய்தி, ஒரே தரவு வரிசை இரண்டு பதிப்புக்கும் இரண்டு பொருள் தருமானால், படிப்படியான வெளியீடே ஆபத்தாகிவிடும். காரணம் புரியாத பதற்றத்தில் நைட் கேப்பிட்டல்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஏழு சர்வர்களிலிருந்து புதிய கோடைக் கழற்றினார்கள். ரோல்பேக்! ஃபிளாக் ஏற்றிய ஆர்டர்கள் வந்துகொண்டே இருந்தன. இப்போது எட்டும் பவர் பெக்கை ஓட்டின.

அன்று சந்தை திறப்பதற்கு முன்பே அவர்களுடைய கணினி 97 மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது, பவர் பெக் பெயரைச் சொல்லியே. அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்காணையத்தின் 2013 ஆணையில் இது பதிவாகியிருக்கிறது. அவை அலர்ட்டாக வடிவமைக்கப்பட்டவை இல்லை, யாரும் அவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கவும் இல்லை. யாரை எழுப்ப வேண்டும் என்று முடிவுசெய்யாமல் அனுப்பும் எச்சரிக்கை வெறும் தபால்.

கண்காணிப்பு ஒழுங்காக நடந்தாலும் அதற்கு ஒரு கணக்கு வரம்பு உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அந்த நம்பிக்கையில்தான் கேனரியே இருக்கிறது. பானை நன்றாகக் கிளறியிருந்தால் சரி. ஒரு சேவைக்கு மணிக்கு 1,00,000 கோரிக்கை வருகிறது, கேனரிக்கு அதில் நூற்றில் ஒரு பங்கு, 1,000 போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரம் பார்த்தோம், ஒரு பிழையும் இல்லை. இதிலிருந்து என்ன சொல்லலாம்? பார்த்த எண்ணிக்கையால் மூன்றை வகுத்தால் வருவதுதான், 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லக்கூடிய உச்ச பிழை விகிதம். அதாவது ஆயிரத்துக்கு மூன்று வரை பிழை இன்னும் ஒளிந்திருக்க இடமுண்டு. எல்லோருக்கும் திறந்துவிட்டால் அது மணிக்கு 300 பிழை. குறைந்த நெரிசல் உள்ள சேவைக்குக் கேனரி வைத்து, பத்து நிமிடம் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு மேலே போகிறவர்கள், உண்மையில் ஒன்றுமே பார்க்கவில்லை.

எதோடு ஒப்பிடுகிறோம் என்பதிலும் ஒரு சங்கடம் இருக்கிறது. இப்போதுதான் எழுந்த கேனரி சர்வரின் கேஷ் காலியாக இருக்கும், கொஞ்ச நேரம் மெதுவாகத்தான் ஓடும். வாரக்கணக்கில் ஓடும் சர்வரோடு அதை ஒப்பிட்டால் பொய் எச்சரிக்கைதான் மிஞ்சும். அதனால்தான் நெட்ஃபிளிக்ஸ் போன்ற இடங்களில் பழைய பதிப்பையும் அதே நேரத்தில் அதே எண்ணிக்கையில் புதிதாகக் கிளப்பி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நெட்ஃபிளிக்ஸ் உன்னிப்பாகக் கவனிக்கும் இன்னோர் அளவு, விநாடிக்கு எத்தனை பேர் படம் ஓடவைத்தார்கள் என்பது. ஒரு கடைத் தளத்தில், சர்வர் எல்லாம் சரி என்று பதில் அனுப்பியபடியே தப்பான விலையைக் காட்டலாம், பொத்தானையே மறைக்கலாம். பிழை விகிதம் அசையாது. வாங்குகிறவர் எண்ணிக்கை மட்டும் சரியும்.

இந்த முறை கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. திரையில் தெரியும் வசதியை ஃபிளாக்கால் மூடிவிடலாம். புதிய கோடு தரவுத்தளத்தில் தப்பாக எழுதிவிட்டதை எந்த ஃபிளாக்கும் திருத்தாது. நைட் கேப்பிட்டல் செய்த வர்த்தகங்களில் பெரும்பாலானவற்றையும் யாராலும் திரும்பப் பெற முடியவில்லை. ஆகவே, பணமும் நிரந்தரப் பதிவும் சம்பந்தப்பட்ட மாற்றங்களை அனுபவசாலிகள் வேறுவிதமாகச் செய்கிறார்கள். முதலில் பழைய பத்திக்குப் பக்கத்தில் புதிய பத்தியைச் சேர்ப்பார்கள். கோடு இரண்டிலும் எழுதும், பழையதிலிருந்தே படிக்கும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்று நாள்கணக்கில் ஒப்பிடுவார்கள். அதன்பிறகே படிக்கும் வழியை ஃபிளாக் வைத்து மாற்றுவார்கள். அப்போதும் பழையதில் எழுதுவதை நிறுத்தமாட்டார்கள், திரும்பி வர வழி வேண்டுமே. பழைய பத்தியை அழிக்கும் கடைசி வேலைக்கு மட்டும் கேனரியும் கிடையாது, ஃபிளாக்கும் கிடையாது. பேக்கப் எடுத்து, அதை வேறொரு சர்வரில் ஏற்றிப் பார்த்து, அது ஓடுகிறது என்று தெரிந்த பிறகே அதில் கை வைப்பார்கள்.