ஒரு திரை, மூன்று அறை

34 அங்குல அல்ட்ராவைடு மானிட்டரை மேசையில் ஏற்றியதும் பலரும் முதலில் செய்வது, பிரௌசரை முழுத்திரையாக்கிப் பார்ப்பதுதான். நடுவில் ஒரு பத்தி எழுத்து, இருபுறமும் வெறும் வெள்ளை மைதானம். இதற்கா இவ்வளவு காசு என்று தோன்றும்.

இந்தத் திரையின் உயரம் 27 அங்குல மானிட்டரின் உயரம்தான். கூடியது அகலம் மட்டும்; கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர். அதைக் கூறுபோட்டால்தான் பயன்.

அதற்கு முன் ஒரு சோதனை. விண்டோஸின் டிஸ்ப்ளே செட்டிங்கில் 3440 × 1440 என்று இருக்கிறதா? வட்டமான ஐகான்கள் முட்டை வடிவில் தெரிந்தால் வேறு ஏதோ அளவு இழுத்து நிரப்பப்பட்டிருக்கிறது. மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்ந்தால் அங்கேயே ரெஃப்ரெஷ் ரேட்டையும் பாருங்கள். பழைய எச்டிஎம்ஐ வழியாக இணைத்தால் இந்த அளவில் 60 ஹெர்ட்ஸ் கிடைக்காமல் போகலாம். டிஸ்ப்ளே போர்ட் கேபிள் மாட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஒரு மொழிபெயர்ப்பாளரை எடுத்துக்கொள்வோம். மூலப் பிடிஎஃப், எழுதும் வேர்டு கோப்பு, அகராதி மூன்றும் அவருக்கு எப்போதும் கண்முன் வேண்டும். திரையைச் சரிபாதியாகப் பிரித்தால் கோடு மூக்குக்கு நேராக விழும். நாள் முழுக்கக் கழுத்து ஒரு பக்கமே திரும்பியிருக்கும். நடுவில் 1720 பிக்சல், இருபுறமும் 860 என்று பிரிப்பதே நல்லது. வேர்டு நடுவில், பிடிஎஃப் இடப்பக்கம், அகராதி வலப்பக்கம்.

இதற்கு மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் PowerToys தொகுப்பில் உள்ள FancyZones போதும். அதன் எடிட்டரைத் திறந்து, புதிய கிரிட் லேஅவுட் ஒன்றை உருவாக்கினால் மூன்று பத்திகள் தயாராக வரும். இடையிலுள்ள கோடுகளைப் பிடித்து இழுத்து, நடுப்பத்தியை அகலமாக்கிச் சேமிக்க வேண்டும். பிறகு ஒரு விண்டோவின் தலைப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தபடி ஷிஃப்ட் விசையை அழுத்தினால் அறைகள் நிழலாகத் தெரியும். வேண்டிய அறையில் விட்டால் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். கூடவே கன்ட்ரோலையும் அழுத்தினால் ஒரே விண்டோவை இரண்டு அறைகளில் பரப்பலாம். அகலமான எக்செல் தாளுக்கு இது தோது.

860 பிக்சல் சில இணையதளங்களுக்குப் போதாது. மெனுவைச் சுருட்டிக்கொண்டு மொபைல் முகத்தைக் காட்டும். அப்போது பிரௌசரின் ஜூமை 80 சதவீதத்துக்குக் குறைத்தாலே பெரும்பாலும் தீரும். ஒரு மென்பொருள் மட்டும் அறைக்குள் அடங்க மறுத்தால், அது அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு ஓடுகிறதா என்று பாருங்கள். PowerToysஐயும் அதே உரிமையோடு திறந்தால் வழிக்கு வந்துவிடும்.

வீடியோ கூட்டத்தில் மட்டும் கவனம். முழுத்திரையையும் பகிர்ந்தால் எதிரே சாதாரண லேப்டாப்பில் பார்ப்பவருக்கு எழுத்தெல்லாம் எறும்பாகத் தெரியும். நடு அறையிலுள்ள விண்டோவை மட்டும் பகிருங்கள்.