பலகையில் ஒரு பெயர், பட்டியலில் ஒரு பெயர்

கூரையில் சூரிய மின்தகடு பொருத்தும் தொழில் தொடங்கும் ஒருவர் ‘கதிர்’ என்று பெயர் வைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நல்ல சொல். வீட்டுக்காரருக்கு வெயில், விவசாயிக்கு நெற்கதிர். சிக்கல் எழுத்துக்கூட்டலில் வரும். Kathir என்பதா, Kadhir என்பதா? பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் பெற, பதிவுபெற்ற நிறுவனத்தை இணையப் பட்டியலில் தேடித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பலகையில் ‘கதிர்’, ஜிஎஸ்டி பில்லில் உரிமையாளரின் பெயரில் ஏதோ எண்டர்பிரைசஸ் என்றிருந்தால் அங்கேயே சந்தேகம் முளைத்துவிடும். பலகை, பில், பட்டியல், மூன்றிலும் ஒரே பெயர், ஒரே எழுத்துக்கூட்டல் வேண்டும்.

‘பிரதமர்’, ‘தேசிய’ போன்ற சொற்களைச் சேர்த்து அரசு நிறுவனம்போலக் காட்டுவது மோசமான வழி. அரசு ஆதரவு உள்ளதுபோல் தோன்றும் பெயர்களை 1950ஆம் ஆண்டின் சின்னங்கள், பெயர்கள் சட்டம் தடுக்கிறது. ‘சோலார்’ என்ற சொல்லையோ எவரும் தனக்கு மட்டும் உரிமையாக்க முடியாது. அதோடு சேரும் சொல்தான் அடையாளம்.

தகடு இருபத்தைந்து ஆண்டு உழைக்கும். முன்பணம் கொடுக்குமுன் பில்லில் உள்ள பெயரைப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.