முதலில் எந்த டப்பா?

ஜிம்மில் சேர்ந்து ஒரு மாதம் ஆனதும் கல்லூரி மாணவனுக்கு ஒரு பணக் கேள்வி வந்துவிடுகிறது. வீட்டிலிருந்து வரும் காசில் மெஸ், ரீசார்ஜ், ஜிம் எல்லாம் போக மாதம் 1,200 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடப் படிப்பவர்கள் புரோட்டீன் பவுடர் என்கிறார்கள். ஜிம் மாஸ்டர் கிரியேட்டின் என்கிறார். இரண்டையும் வாங்கக் காசு பத்தாது.

என் பதில் கிரியேட்டின்தான். ஆனால் அதற்கும் முன்னால் வாங்க வேண்டியது ஒன்று இருக்கிறது. அது எந்த சப்ளிமெண்ட் கடையிலும் கிடைக்காது.

முதலில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். புரோட்டீன் பவுடர் மருந்தல்ல, சாப்பாடு. வே என்பது பாலைத் திரித்துச் சீஸ் எடுத்த பிறகு மிஞ்சும் நீரிலிருந்து பிரித்துக் காயவைத்த புரதம். முட்டையிலும் பருப்பிலும் இருக்கும் அதே சத்தைத்தான் அதுவும் தருகிறது. சீக்கிரம் செரிக்கும், கலக்கிக் குடிக்கலாம் என்பது அதன் வசதி. அந்த வசதிக்குத்தான் விலை.

கிரியேட்டின் வேறு சமாச்சாரம். நம் உடம்பே கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் தினமும் சுமார் ஒரு கிராம் தயாரிக்கிறது. உடம்பில் இருப்பதில் பெரும்பகுதி தசைக்குள்தான் கிடக்கிறது. கனமான எடையைத் தூக்கும்போது தசையில் தயாராக இருக்கும் சக்தி சில விநாடிகளிலேயே தீர்ந்துவிடும். தீர்ந்ததை உடனே மறுபடி உண்டாக்கிக் கொடுப்பது, பாஸ்பேட்டோடு சேர்ந்த கிரியேட்டின். தசைக்குள் அதன் இருப்பு கூடினால், எட்டு முறை தூக்கியதும் கை நடுங்கும் எடையை ஒன்பதாவது, பத்தாவது முறையும் தூக்க முடியலாம். அதற்கு மேல் மாயம் ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் அந்தக் கூடுதல் ஒன்றும் இரண்டும் சேரும்போதுதான் தசையில் தெரிகிறது. எடை தூக்காமல் ட்ரெட்மில்லில் மட்டும் நடப்பவர் இதை வாங்கிப் பெரிய பயன் இல்லை.

சாப்பாட்டிலிருந்து கிரியேட்டின் கிடைக்கும் வழி இறைச்சியும் மீனும்தான். தினம் 3 கிராம் வேண்டுமென்றால் அரைக் கிலோவுக்கு மேல் கறி சாப்பிட வேண்டியிருக்கும். எந்த மெஸ்ஸிலும் அது நடக்காது. பருப்பிலும் காயிலும் அது இல்லையென்றே சொல்லலாம். அதனால்தான் சைவர்களின் தசையில் அதன் இருப்பு குறைவாக இருக்கிறது. கணக்கு இங்கேதான் திரும்புகிறது. புரதத்தைச் சாப்பாட்டிலேயே மலிவாக வாங்கலாம். கிரியேட்டினை அப்படி வாங்க முடியாது. டப்பாவில் வாங்கியே ஆக வேண்டியதற்கு டப்பாக் காசைக் கொடுப்பதுதான் புத்திசாலித்தனம்.

இப்போது ஒரு ஹாஸ்டல் தட்டை எண்ணிப் பார்ப்போம். மாணவனின் எடை 60 கிலோ. எடை தூக்குகிறவருக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 1.6 கிராம் வரை புரதம் பலன் தரும், அதற்கு மேல் போட்டாலும் பெரிய லாபம் இல்லை என்பது 2018-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது வந்த முடிவு. 60 கிலோவுக்கு அது 96 கிராம். காலையில் நாலு இட்லி, சாம்பார், சட்னி: ஏறக்குறைய 12 கிராம். மதியம் சோறு, சாம்பார், பொரியல், ஒரு கிண்ணம் தயிர்: 19. மாலை டீயில் 3. இரவு நாலு சப்பாத்தியும் குருமாவும்: 16. மொத்தம் 50. துண்டு விழுவது 46 கிராம்.

இதை வே பவுடரால் அடைக்க தினம் இரண்டு ஸ்கூப் வேண்டும். ஒரு கிலோ டப்பாவில் முப்பது ஸ்கூப் இருக்கும், அதாவது பதினைந்து நாளில் காலி. கிலோ 2,500 ரூபாய் என்றால் மாதம் 5,000. பெரும்பாலான மாணவர்கள் ஒரு டப்பா வாங்கி, தினம் ஒரு ஸ்கூப், பிறகு ஒன்றுவிட்டு ஒரு நாள், பிறகு அரை ஸ்கூப் என்று இழுத்துக்கொண்டு போவது இதனால்தான். அரை ஸ்கூப்பில் கிடைப்பது இரண்டு முட்டையின் புரதம்.

அதே 46 கிராமைக் கடைத்தெருவில் அடைப்போம். மீல் மேக்கர் 50 கிராம் எடுத்தால் 26 கிராம் புரதம். விலை பத்து ரூபாய்க்குள். அவித்த முட்டை இரண்டு, 12 கிராம், சுமார் 14 ரூபாய். ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை, 30 கிராம் இருக்கும், 8 கிராம் புரதம், ஐந்து ரூபாய். மொத்தம் தினம் 29 ரூபாய், மாதம் 870. விலை ஊருக்கு ஊர் ஏறி இறங்கும், ஆனால் பவுடர் விலையோடு உள்ள இடைவெளி மாறாது. இந்தப் பட்டியல்தான் முதலில் வாங்க வேண்டியது என்று சொன்னேன்.

மிஞ்சும் 330 ரூபாயில் கிரியேட்டின். 250 கிராம் டப்பா 700 ரூபாய் என்று வைத்தால், தினம் 3 கிராம் வீதம் 83 நாள் வரும். மாதத்துக்கு 250 ரூபாய். முதல் வாரம் தினம் 20 கிராம் போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். அப்படிப் போட்டால் ஒரே வாரத்தில் தசை நிரம்பும், வயிறும் கலங்கலாம். தினம் 3 கிராம் போட்டால் நாலு வாரத்தில் அதே அளவு நிரம்பிவிடும். காசை எண்ணும் மாணவனுக்கு அவசரம் எதற்கு?

வாங்கும்போது கிரியேட்டின் மோனோஹைட்ரேட் என்ற ஒரே பொருள் மட்டும் எழுதியிருக்கிற, வாசனை சேர்க்காத வெள்ளைப் பொடியே போதும். ஹைட்ரோகுளோரைடு, மிட்டாய் வடிவம் எல்லாம் விலை கூட, பலன் கூட இல்லை. குளிர்ந்த நீரில் முழுசாகக் கரையாமல் அடியில் மணலாக நின்றால் போலி என்று பயப்பட வேண்டாம், அதன் சுபாவமே அதுதான். வெதுவெதுப்பான நீரில் கரையும். கலக்கியதை அன்றே குடித்துவிட வேண்டும், தண்ணீரில் நாள்கணக்கில் கிடந்தால் மெல்லக் கெடும்.

மலிவான புரோட்டீன் பவுடரில் ஒரு வேடிக்கை உண்டு. புரதத்தைப் பொதுவாக நைட்ரஜன் அளவை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். அதனால் கிளைசின், டாரின் போன்ற மலிவான பொருள்களைக் கலந்து நைட்ரஜனைக் கூட்டிக் காட்டும் தந்திரம் இந்தத் தொழிலில் பழையது. சில சமயம் கலப்பது கிரியேட்டினாகவே இருக்கும். இந்தியாவில் விற்கும் 36 புரதப் பவுடர்களைப் பரிசோதித்து 2024-ல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரத அளவு சரியாக இல்லை. முட்டைக்குள் யாரும் எதையும் கலக்க முடியாது.

கிரியேட்டின் போட ஆரம்பித்ததும் எடை ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ கூடும். அது தசைக்குள் சேரும் தண்ணீர். கொழுப்பும் இல்லை, திடீர் என்று வளர்ந்த தசையும் இல்லை. சிலருக்கு எடையும் கூடாது, தூக்கும் எண்ணிக்கையும் கூடாது. அவர்கள் தசையில் ஏற்கெனவே நிறைய இருக்கும். இரண்டு மாதம் நோட்டில் எடையையும் எண்ணிக்கையையும் குறித்து வந்தும் மாற்றமில்லையென்றால் அடுத்த டப்பா வாங்க வேண்டாம்.

சிறுநீரகம் கெட்டுவிடும் என்ற பயம் ஹாஸ்டலில் அடிக்கடி கேட்கும். சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கு இந்த அளவில் கெடுதல் எதுவும் ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனால் கிரியேட்டின் உடம்பில் சிதைந்து கிரியேட்டினினாக வெளியேறுகிறது, ரத்தப் பரிசோதனையில் மருத்துவர் பார்ப்பது அதைத்தான். எண் கொஞ்சம் ஏறித் தெரியலாம். டெஸ்ட் எடுக்கும்போது இதைச் சாப்பிடுகிறேன் என்று சொல்லிவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், அதற்கு மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

முட்டையும் சாப்பிடாதவர், அறையில் கெட்டில்கூட வைக்க விடாத ஹாஸ்டல் என்றால்? அப்போதும் பவுடர் முதலில் வராது. அரை லிட்டர் ஆவின் பாலில் 16 கிராம் புரதம். 100 கிராம் பொட்டுக்கடலையில் சுமார் 20 கிராம், அதற்கு அடுப்பே தேவையில்லை. இவ்வளவையும் தின்றுமுடித்துத் துண்டு இன்னும் 20 கிராமுக்கு மேல் விழுகிறது, கையிலும் காசு இருக்கிறது என்றால், அப்போது தினம் ஒரு ஸ்கூப் வாங்கலாம்.